சண்டைக்குப் பின் ஒரு ஸலாம்

பக்கத்து வீட்டாரோடு வாய்த்தர்க்கம் முற்றிப்போன மறுநாள் காலை. குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறோம். அதே நேரம் எதிர்க் கதவும் திறக்கிறது. இப்போது என்ன செய்வது? கொம்பனித்தெருவில் இந்தக் கேள்வியைப் பலர் கேட்கக் கேட்டிருக்கிறேன். கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, "பாக்காத மாதிரி போங்கோ, அவருக்கே விளங்கும்." மற்றது, "என்ன இரிக்கி, போய் முஸாபஹாச் செஞ்சி மாப்புக் கேட்டு முடிங்கோ." முதலாவது மார்க்கத்துக்கு ஒத்துவராது. இரண்டாவது எல்லாருக்கும் எல்லா நேரமும் முடியாது. மனம் ஆறாமல் சிரித்துக்கொண்டு போய்க் கையைப் பிடித்தால், அந்தச் சிரிப்பு பொய் என்பது எதிரே நிற்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. நமது இமாம்கள் அதை அளந்து வைத்திருக்கிறார்கள். நட்பு திரும்புவது ஒரு விஷயம், பகை முறிவது வேறொரு விஷயம் என்று பிரித்து, பகை முறிவதற்கு ஆகக் குறைந்தது எது போதும் என்று அவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியை நமது தொடர்மாடி நடையிலும் லிஃப்டிலும் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

விலகிப் போக இடமில்லாத ஊர்

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். மலே வீதி, ஜாவா லேன், ரைபிள் வீதி என்ற பெயர்களைப் பார்த்தாலே கொம்பனித்தெருவில் யார் யார் வந்து குடியேறினார்கள் என்பது தெரியும். வேகந்தைப் பள்ளிவாசலை எழுப்பியவர்கள் மலாய்க்காரர்கள். கியூ வீதியில் முருகன் கோயில் இருக்கிறது. சோனகரும் மலாயரும் தமிழரும் சிங்களவரும் ஒரே ஒழுங்கையில் சுவரோடு சுவராக வாழ்ந்த பகுதி இது. வீட்டுப் படியில் உட்கார்ந்தால் எதிர்வீட்டுக் குசினியில் என்ன கறி என்று தெரியும்.

2010ஆம் ஆண்டு மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதற்குப் பிறகு வந்த நகர அபிவிருத்தித் திட்டங்களில் வேறு பல ஒழுங்கைகளும் போயின. நிலத்தில் பக்கம் பக்கமாக இருந்த வீடுகள் பல இன்று மாடிக்கு மேல் மாடியாக நிற்கின்றன. இதனால் சண்டையின் காரணங்கள் மாறின. முன்னர் குழாயடியும் கானும் எல்லைச் சுவரும் பிரச்சினையாக இருந்தன. இப்போது மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து கசியும் தண்ணீர், நடையில் வைத்த செருப்புத் தட்டு, மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடம், இரவு பன்னிரண்டு மணிக்கு இழுக்கும் கதிரை.

இன்னொரு மாற்றமும் வந்தது. ஒழுங்கையில் இருந்தபோது, பிடிக்காத ஆளைக் கண்டால் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போகலாம். தொடர்மாடியில் அந்த வசதி இல்லை. இருப்பது ஒரு நடை, ஒரு லிஃப்ட். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், அந்த முகத்தைக் கண்டே ஆக வேண்டும். அந்தச் சந்திப்பில் என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பதுதான் பல வேளைகளில் பழைய சண்டையை விடப் பெரிய தொந்தரவாகிவிடுகிறது.

மூன்று நாள் என்ற அளவு

ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று இரவுகளுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்ற ஹதீஸ் நாம் எல்லோரும் அறிந்தது. அபூ அய்யூப் அல்அன்ஸாரீ (ரழி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அதில் நாம் கவனிக்காமல் விடும் ஒரு படம் இருக்கிறது. இருவர் எதிரெதிரே வருகிறார்கள், இவர் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்புகிறார், அவர் அந்தப் பக்கம் திருப்புகிறார். பகை என்றால் என்ன என்பதற்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய அடையாளம் இதுதான். மனதுக்குள் என்ன இருக்கிறது என்று அங்கே பேசப்படவில்லை. முகம் எந்தப் பக்கம் போகிறது என்பதே பேசப்படுகிறது. அவ்விருவரில் சிறந்தவர் ஸலாமைத் தொடங்குபவர் என்று ஹதீஸ் முடிகிறது.

மூன்று நாள் என்பது எதற்காக? ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ இதற்குக் காரணம் சொல்கிறார். கோபம் மனிதனின் படைப்பிலேயே இருப்பது. ஆகவே அது தணிய மூன்று நாள் விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. அதாவது முதல் நாளே சிரித்துக்கொண்டு போய் நிற்க வேண்டும் என்று யாரும் நம்மிடம் கேட்கவில்லை. சண்டை நடந்த அன்று மாலையே சமாதானம் பேசப் போய், அது இரண்டாவது சண்டையில் முடிந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அந்த மூன்று நாள் தவணை வீணானதல்ல.

மூன்று நாளுக்குப் பிறகு என்ன வேண்டும்? இங்கேதான் நான் முதலில் சொன்ன அளவீடு வருகிறது. ஸலாம் மட்டும் சொன்னால் பகை முறிந்ததாகுமா, அல்லது பழையபடி கதைத்துப் பழகினால்தான் முறியுமா என்று இமாம்கள் கேட்டிருக்கிறார்கள். ஷாஃபிஈ, மாலிக் இருவரின் மத்ஹபிலும், ஸலாம் சொன்னாலே பகை துண்டிக்கப்படும், அதன் பாவமும் நீங்கும் என்பதை நவவீ எடுத்துக் காட்டுகிறார். இமாம் அஹ்மதும் மாலிகீ மத்ஹபின் இப்னுல் காஸிமும் ஒரு நிபந்தனை வைக்கிறார்கள்: பேசாமல் இருப்பது மற்றவரை நோவிக்கிறது என்றால், ஸலாம் மட்டும் போதாது.

இந்த இரண்டு கருத்தும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். தினமும் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்த தங்கை, திடீரென்று வெறும் ஸலாமோடு நிறுத்தினால் அது நோவு. அங்கே அஹ்மதின் நிபந்தனை பொருந்தும். ஆனால் இரண்டு வருடம் முன்னால் குடிவந்த எதிர்வீட்டாரோடு நமக்கு முன்பும் ஸலாமைத் தவிரப் பெரிய உறவு இருக்கவில்லை. அங்கே ஸலாம் திரும்பினால் பழைய நிலை முழுவதுமாகத் திரும்பிவிட்டது. ஷாஃபிஈகளான நமக்குப் பெரும்பாலான அயல்வீட்டுச் சண்டைகளில் கேட்கப்படுவது இவ்வளவே. இல்லாத நட்பை உண்டாக்கும்படி கேட்கப்படவில்லை.

யார் முதலில்?

"நான் ஏன் முந்திச் செல்லோணும்? பிழை அவங்கட" என்பதே பெரும்பாலான வீடுகளில் முட்டுக்கட்டை. முதலில் ஸலாம் சொன்னால் தோற்றதாகிவிடும் என்ற பயம். இதற்கு ஒரு நல்ல வழி ஸலாமின் ஒழுங்கிலேயே இருக்கிறது.

யார் யாருக்கு முதலில் ஸலாம் சொல்வது என்பதற்கு ஹதீஸில் வரிசை இருக்கிறது. வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கும், சிறு கூட்டம் பெரிய கூட்டத்துக்கும், இளையவர் மூத்தவருக்கும் சொல்ல வேண்டும். சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இந்த வரிசையில் இல்லவே இல்லை. அப்படியானால், லிஃப்டுக்குள் நிற்பவருக்கு உள்ளே நுழைபவர் சொல்ல வேண்டும். படியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடந்து போகிறவர் சொல்ல வேண்டும். இன்று நான் நுழைந்தால் நான் சொல்கிறேன், நாளை அவர் நுழைந்தால் அவர் சொல்வார். இது வழமையான ஒழுங்கு. இதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. "நான் இறங்கிப் போனேன்" என்று யாரும் சொல்ல முடியாது, "அவ இறங்கி வந்தா" என்றும் சொல்ல முடியாது.

இன்னொரு சாக்கும் அடிக்கடி வரும். "நான் ஸலாம் செல்லி அவர் பதில் செல்லாட்டி அவருக்குத்தானே பாவம், அதாலதான் செல்லல்லே." கேட்க மிகவும் பெருந்தன்மையாக இருக்கிறது. இமாம் நவவீ தமது அல்அத்கார் நூலில் இதே வாதத்தை எடுத்து, இது அறியாமை என்று தள்ளிவிடுகிறார். பதில் வராது என்று நமக்குப் பலமாகத் தோன்றினாலும் ஸலாமை விடக்கூடாது, நமது கணிப்பு பிழைத்துப் போகலாம் என்பது அவரது விளக்கம். பதில் வரவில்லை என்றால் என்ன என்பதை அபூதாவூதில் வரும் ஹதீஸ் தெளிவாக்குகிறது. மூன்று நாள் கடந்தபின் சந்தித்து ஸலாம் சொன்னவர் பகையிலிருந்து வெளியேறிவிட்டார். மற்றவர் பதில் சொன்னால் கூலியில் இருவருக்கும் பங்கு. சொல்லாவிட்டால் பொறுப்பு அவருடையது.

சொல்லும் முறை

இனி நடைமுறை. ஸலாம் எதிரே இருப்பவரின் காதில் விழ வேண்டும். ஆகக் குறைந்த அளவு அதுதான். வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு "நான் சென்னேன், அவக்குக் கேக்கல்லே" என்பது கணக்கில் சேராது. கையை மட்டும் உயர்த்துவதும், வாய் பேசக்கூடிய ஒருவருக்கு முழு ஸலாம் ஆகாது. பெண்கள் கூடியிருந்த இடத்தைக் கடந்தபோது நபியவர்கள் கையால் சைகை செய்ததாக அஸ்மா பின்த் யஸீத் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. சைகையும் சொல்லும் சேர்ந்தே இருந்தன என்று நவவீ அதை விளக்குகிறார். ஆகவே தூரத்தில் நின்றால் தலையை அசைத்து வாயாலும் சொல்வது, கிட்ட நின்றால் வாயால் சொல்வது.

ஸலாத்துக்குப் பிறகு பேச்சை நீட்டத் தேவையில்லை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஸலாம் சொன்னதும் ஏதோ குறைகிறது போல் தோன்றி, "பிறகு... எப்பிடி? மகன் ஸ்கூல் போறானா?" என்று இழுக்கிறார்கள். எதிரே இருப்பவருக்கு அது பாரமாகிறது. அடுத்த முறை அவர் நம்மைக் கண்டாலே நழுவப் பார்ப்பார். ஸலாம், ஒரு நொடி பார்வை, பிறகு நம்முடைய வேலை. அது போதும்.

பார்வையைப் பற்றி ஒரு சிறு விஷயம் சொல்ல வேண்டும். ஆடம் கெண்டன், அண்ட்ரூ ஃபெர்பர் என்ற இரு ஆய்வாளர்கள் மனிதர்கள் ஒருவரையொருவர் வரவேற்பதைப் படம் பிடித்து ஆராய்ந்து, 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தூரத்தில் கண்டதும் மக்கள் தலையசைப்பார்கள் அல்லது கையசைப்பார்கள். பிறகு நெருங்கி வரும்போது பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். கிட்ட வந்ததும் மறுபடியும் முகம் பார்த்துப் பேசுவார்கள். நல்ல சிநேகிதர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். இதை நமது நீண்ட நடையில் வைத்துப் பாருங்கள். அந்தத் தொங்கலிலிருந்து வருகிறவர் இடையில் கீழே பார்த்துக்கொண்டு வந்தால், "பாத்தியா, முகத்தத் திருப்பிட்டான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது எல்லோரும் செய்வதுதான். முகம் திரும்பியதா இல்லையா என்பதை இரண்டு முழ தூரத்துக்கு வந்த பிறகே பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் இருக்கும்போது இன்னொரு கவனம் தேவை. லிஃப்டில் மூன்று பேர் நிற்க, அதில் ஒருவரை மட்டும் பெயர் சொல்லி "ஸலாம் ஹாஜியார்" என்பது சண்டைக்காரரை விலக்கி வைக்கும் தந்திரம். ஒரு கூட்டத்தில் சிலரை மட்டும் தனித்து ஸலாம் சொல்வது வெறுக்கத்தக்கது என்று நூல்களில் இருக்கிறது. மற்றவர்களுக்கு மனக்கசப்பு வரும் என்பதே காரணம். பொதுவாகச் சொல்லிவிட வேண்டும், பார்வையும் எல்லோர் மீதும் ஒரே மாதிரி போக வேண்டும். சண்டைக்குப் பிறகு முதல் தடவை ஸலாம் சொல்வதற்கு இது சுலபமான சந்தர்ப்பமும்கூட. பொது ஸலாத்துக்கு ஒருவர் பதில் சொன்னாலே கடமை நிறைவேறிவிடுவதால், யாரும் மூலையில் தள்ளப்படுவதில்லை.

தண்ணீர் கசிந்த கதை

எனக்குத் தெரிந்த ஒரு தொடர்மாடியில் நடந்ததைச் சொல்கிறேன். நான்காம் மாடியில் ஒரு ராத்தா. ஐந்தாம் மாடியில் ஒரு இளம் குடும்பம். மேல் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் போகும் குழாயைச் சுற்றிய பூச்சு விட்டுப்போய், கீழ் வீட்டு ஸீலிங்கில் மஞ்சள் வட்டம் விழுந்தது. வட்டம் பெரிதாகிப் பூச்சு உதிர்ந்து அலுமாரியில் இருந்த உடுப்புகள் பழுதாகின. ராத்தா மேலே போய்ச் சொன்னார். "எங்கட பக்கம் ஒண்டும் இல்ல, மழத் தண்ணி" என்று பதில் வந்தது. இரண்டாம் தடவை போனபோது வார்த்தை தடித்தது. ராத்தாவின் மௌத்தான கணவரைப் பற்றி மேல் வீட்டுப் பெண் ஏதோ சொல்லிவிட்டார். ராத்தா பதிலுக்கு அவரது பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சொன்னார். கதவுகள் சாத்தப்பட்டன.

நான்காம் நாள் ராத்தா லிஃப்டுக்குள் நின்றார். மேல் வீட்டுப் பெண் உள்ளே நுழைந்தார், சொல்லவில்லை. ராத்தா காத்திருக்காமல் தானே ஸலாம் சொன்னார். பதில் வரவில்லை. ராத்தா அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் அதே மாதிரி. மூன்றாவது தடவை, கீழே இறங்கும் நேரத்தில், கதவைப் பார்த்தபடி ஒரு பதில் வந்தது.

இங்கே ராத்தா செய்த நல்ல காரியம், தண்ணீர் விஷயத்தை அந்த லிஃப்டுக்குள் எடுக்காமல் விட்டது. ஸலாம் சொல்லிவிட்டு "அது சரி, அந்த பைப்" என்று தொடங்கியிருந்தால், அடுத்த தடவை ஸலாத்தைக் கேட்டதும் மேல் வீட்டுப் பெண்ணுக்குப் பைப்தான் ஞாபகம் வரும். அவர் உரிமையையும் கைவிடவில்லை. மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்தார்.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை இந்தச் சபைகள். பெரும்பாலும் வார இறுதியில் ஏதாவது பாடசாலை மண்டபத்தில் கூடும். மத்தியஸ்தர் பெயர்ப் பட்டியலிலிருந்து இவர் ஒருவரையும் அவர் ஒருவரையும் தெரிவு செய்ய, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராகத் தெரிவு செய்வார்கள். சட்டத்தரணிகள் வந்து வாதாடுவதில்லை. சபை தீர்ப்புச் சொல்வதுமில்லை. இரு பக்கமும் உடன்பட்டால் எழுதிக் கையொப்பம் வாங்குவார்கள். உடன்படாவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம்.

இரண்டாவது அமர்வில் உடன்பாடு வந்தது. குளியலறைத் தரையை உடைத்துத் திருத்தும் செலவு மேல் வீட்டாருக்கு, ஸீலிங் பூச்சும் பெயின்டும் கீழ் வீட்டாருக்கு, உடுப்புக் கணக்கை ராத்தா விட்டுவிட்டார். மௌத்தானவரைப் பற்றிச் சொன்ன வார்த்தைக்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது அங்கே பேசப்படவும் இல்லை.

இன்று அவர்கள் சிநேகிதிகள் அல்ல. ராத்தா மேலே போவதில்லை, அவர் கீழே வருவதில்லை. லிஃப்டில் ஸலாம் இருக்கிறது. தண்ணீர் நிற்கப் போகிறது என்று தெரிந்தால் மேலிருந்து பிள்ளையை அனுப்பிச் சொல்கிறார்கள். ராத்தாவின் தம்பி மௌத்தானபோது மேல் வீட்டார் இருவரும் வந்து கால் மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று ராத்தா குறைப்படுவதும் இல்லை. "அந்தப் பேச்சு என்ட மனசில இரிக்கி. ஆனா லிஃப்டுல மூச்சடக்கிட்டு நிக்கத் தேவல்ல" என்று ஒரு நாள் சொன்னார்.

எங்கே பிழைக்கிறது

இடையில் ஒரு காரியம் பிழைக்கப் பார்த்தது. முதல் பதில் ஸலாம் கிடைத்த வாரமே ராத்தாவின் மகள் ஒரு தட்டு வட்டிலப்பத்தை மேலே அனுப்பினார். தட்டு தொடாமல் திரும்பி வந்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் சாப்பாட்டுத் தட்டுக்கு நமது ஊரில் ஒரு கணக்கு உண்டு. வந்த தட்டை வெறுமையாக அனுப்பக்கூடாது, ஏதாவது வைத்தனுப்ப வேண்டும். அப்போது உறவு ஓடத் தொடங்கிவிடும். தண்ணீர்க் கணக்கு முடியாத நேரத்தில் அந்த உறவை ஏற்க அவர்கள் தயாராக இல்லை. ஸலாம் அப்படியல்ல. அதற்குரிய பதில் இன்னொரு ஸலாம்தான், அதோடு கணக்கு முடிந்துவிடும். அதனால்தான் மனம் ஆறாத நிலையிலும் அது சாத்தியப்படுகிறது. தட்டு அனுப்ப விரும்புபவர் பெருநாள் வரை பொறுத்திருக்கலாம். எல்லா வீட்டுக்கும் போகும் தட்டு அந்த வீட்டுக்கும் போனால் யாருக்கும் பாரமில்லை.

மூன்றாமவர் வலிந்து சேர்த்து வைப்பதும் இப்படிப் பிழைக்கலாம். ஆனால் சரியாகவும் அமையலாம். புகாரியில் வரும் ஒரு சம்பவத்தைப் பாருங்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் தமது சொத்தைக் கொடுத்துவிடுவது பற்றி, சகோதரி மகன் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரழி) கடுமையாகப் பேசிவிட்டார்கள். இனி அவரோடு பேசுவதில்லை என்று ஆயிஷா (ரழி) நேர்ச்சை செய்தார்கள். காலம் நீண்டது. கடைசியில் மிஸ்வர், அப்துர் ரஹ்மான் என்ற இரு உறவினர்கள் வந்து உள்ளே வர அனுமதி கேட்டார்கள். "நாங்கள் எல்லோருமா?" என்று கேட்டு அனுமதி வாங்கி, இப்னு ஸுபைரையும் கூட்டிக்கொண்டு நுழைந்தார்கள். அவர் திரைக்குள் போய்ச் சிற்றன்னையைக் கட்டிக்கொண்டு அழுதார். வெளியே நின்ற இருவரும் மூன்று நாள் ஹதீஸை நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆயிஷா (ரழி) பேசினார்கள். நேர்ச்சையை முறித்ததற்காக நாற்பது அடிமைகளை விடுதலை செய்தார்கள்.

இந்த வழி அங்கே பலித்ததற்குக் காரணம் அது சிற்றன்னையும் பிள்ளையும் என்ற உறவு. திரும்பிப் போக அங்கே ஒரு பழைய பாசம் இருந்தது. அதே வழியை எதிர்வீட்டாரிடம் செய்து, சொல்லாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து நடு ஹோலில் நிறுத்தினால், கூட்டி வந்தவரோடும் சேர்த்துச் சண்டை வரும். உறவுக்குள் தூதர் நல்லது, அயலுக்குள் லிஃப்ட் நல்லது.

ஸலாத்துக்கும் எல்லை உண்டு

எல்லாச் சண்டையும் பைப் சண்டையல்ல. குடித்துவிட்டுக் கதவில் அடிப்பவர், தூள் விற்பவர், பெண்பிள்ளைகளைத் தொந்தரவு செய்பவர் என்றும் அயல் இருக்கலாம். பேசுவதால் மார்க்கத்துக்கோ உயிருக்கோ வாழ்க்கைக்கோ கெடுதி வரும் என்று பயந்தால் விலகியிருக்கலாம் என்று இப்னு அப்தில் பர் எழுதுகிறார். நோவினை தரும் நெருக்கத்தை விட அழகிய விலகல் பல வேளை மேலானது என்பது அவரது கருத்து. அங்கே செய்ய வேண்டியது பொலிஸில் முறைப்பாடு. ஸலாமை வைத்து அதை மூடக்கூடாது. பிள்ளைகளிடம் "அங்கிளுக்கு ஸலாம் செல்லு" என்று வற்புறுத்தவும் கூடாது.

முஸ்லிமல்லாத அயலவர்களைப் பற்றியும் கேட்பார்கள். மூன்று நாள் ஹதீஸ் சகோதரன் என்று பேசுகிறது. ஆனால் அயலவரின் உரிமை மதம் பார்த்து வருவதல்ல. தமது வீட்டில் ஆடு அறுத்தபோது, யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) முதலில் கேட்டது அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. சிங்கள, தமிழ் அயலவரோடு சண்டை வந்தால் தலையசைப்பே முழுமையான முகமன். "கொஹொமத", "எப்பிடி சுகம்" என்ற ஒரு சொல் சேர்ந்தால் நல்லது. நமது தொடர்மாடிகளில் இந்தத் தலையசைப்புக்கு இன்னொரு பெறுமதியும் இருக்கிறது. இரண்டு வீட்டுச் சண்டை இரண்டு இனத்துச் சண்டையாகப் பேசப்படத் தொடங்குவதற்கு முன்னால், இரு வீட்டாரும் தலையசைத்துக்கொள்வதை நடையில் நிற்கும் மற்றவர்கள் பார்த்துவிடுகிறார்கள்.

இனி அந்தக் காலை நேரத்துக் கதவுக்குப் பதில் சுலபம். மூன்று நாள் ஆகவில்லையா, மனம் கொதிக்கிறதா, பேசாமல் போகலாம். ஆகிவிட்டதா, வெளியே வந்து கடந்து போகிறவர் நீங்கள் என்றால், காதில் விழும்படி ஒரு ஸலாம். குப்பைப் பையைக் கீழே வைக்கவும் தேவையில்லை.